இருநூறு எண்களிலிருந்து ஒரு கணிப்பு

அமெரிக்காவின் தொழில்துறை உற்பத்தி அடுத்த ஆறு மாதங்களில் எவ்வளவு வளரும் என்று ஒருவர் முன்கூட்டியே சொல்ல விரும்புவதாகக் கொள்வோம். அவருக்குத் தகவல் பஞ்சம் இல்லை. வேலைவாய்ப்பு, வேலைநேரம், புதிய கொள்முதல் ஆணைகள், கையிருப்புச் சரக்கு, கட்டத் தொடங்கிய வீடுகள், வட்டி விகிதங்கள், பங்குச் சந்தைக் குறியீடுகள், பல்வகை விலைகள் என மாதந்தோறும் நூற்றுக்கணக்கான புள்ளிவிவரத் தொடர்கள் வெளியாகின்றன. ஒவ்வொன்றும் பொருளாதாரத்தைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்கிறது. ஒன்று சொல்வதை மற்றொன்று பெரும்பாலும் முழுதாக ஒப்புக்கொள்வதில்லை. அவருடைய சிக்கல், தகவல் இல்லை என்பதன்று. இருக்கும் தகவலை எப்படிச் சுருக்குவது என்பதே.

எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டில் போட்டுவிட்டால் என்ன என்று தோன்றலாம். கடந்தகாலத் தரவுகளைக் கொண்டு, எந்தக் குறிகாட்டிக்கு எவ்வளவு எடை தரவேண்டும் என்று கணினியே கண்டுபிடிக்கட்டுமே! இங்கே எளிய கணக்கு குறுக்கே நிற்கிறது. 215 குறிகாட்டிகள் இருந்தால் கண்டறிய வேண்டிய எடைகளும் 215. கையில் 11 ஆண்டுகளின் மாதாந்திரத் தரவு இருந்தால், மொத்தம் 132 மாதங்கள்தாம். தெரிந்தவை 132, தெரியாதவை 215 என்றால் அச்சமன்பாட்டுக்கு ஒரே விடை என்பதே கிடையாது. 40 ஆண்டுத் தரவு இருந்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. சமன்பாடு கடந்தகாலத்தின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் மனப்பாடம் செய்துகொள்ளும். தற்செயலாக நேர்ந்தவற்றையும் விதி என்று எடுத்துக்கொள்ளும். எதிர்காலத்தைக் கேட்டால் உளறும். கேள்வித்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்ட மாணவனின் மதிப்பெண்ணைப் போன்றதே கடந்தகாலத்துக்கு அது காட்டும் துல்லியம்.

பழைய தலைமுறைப் பொருளியலாளர்கள் இதை வேறு வழியில் கையாண்டார்கள். அமெரிக்கத் தேசியப் பொருளாதார ஆய்வகத்தில் ஆர்தர் பர்ன்ஸ், வெஸ்லி மிட்செல் ஆகிய இருவரும் வணிகச் சுழற்சிகளை ஆராய்ந்தபோது நூற்றுக்கணக்கான தொடர்களைத் தனித்தனியே கண்காணித்தனர். அந்த மரபில் உருவானதுதான் பரவல் குறியீடு. அதன் கணக்கு மிக எளிது. கவனிக்கப்படும் தொடர்களில் இந்த மாதம் எத்தனை ஏறுமுகத்தில் உள்ளன என்று எண்ணி, அதை விழுக்காடாகச் சொல்வது. வளர்ச்சி எவ்வளவு என்பதைவிட, அது எத்தனை துறைகளுக்குப் பரவியிருக்கிறது என்பதையே அந்த எண் காட்டியது. இன்று செய்திகளில் அடிபடும் கொள்முதல் மேலாளர் குறியீடு இதன் நேரடி வாரிசு. உற்பத்தி கூடியது என்றவர்களின் விழுக்காட்டோடு, மாற்றமில்லை என்றவர்களின் விழுக்காட்டில் பாதியைச் சேர்த்தால் அந்தக் குறியீடு கிடைக்கும். 50 என்பது நடுக்கோடாக இருப்பதன் காரணம் அதுதான்.

எண்ணிச் சொல்லும் இம்முறையில் ஒரு குறை உண்டு. எல்லாத் தொடர்களுக்கும் ஒரே வாக்கு. சற்றே ஏறியதும் பெரிதாக ஏறியதும் ஒன்றே. ஐந்து தொடர்கள் ஒரே விஷயத்தை ஐந்து விதமாகச் சொன்னால் அதற்கு ஐந்து வாக்குகள் விழும். 1947-இல் ட்ஜாலிங் கூப்மன்ஸ், பர்ன்ஸ், மிட்செல் ஆகியோரின் நூலைக் கோட்பாடு இல்லாத அளவீடு என்று கடுமையாக விமர்சித்தார். அதன் பிறகு பல்கலைக்கழகங்களில் இந்த மரபின் செல்வாக்கு மங்கியது. 1977-இல் தாமஸ் சார்ஜென்ட், கிறிஸ்டோபர் சிம்ஸ் இருவரும், தனியே ஜான் கெவிகேயும், பல பொருளாதாரத் தொடர்களின் அசைவுக்குப் பின்னால் வெகு சில பொதுக் காரணிகளே இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு முறையான புள்ளியியல் வடிவம் தந்தனர். அமெரிக்காவின் முக்கியப் பேரியல் தொடர்களின் ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதியை இரண்டே காரணிகளால் விளக்க முடியும் என்று சார்ஜென்டும் சிம்ஸும் கண்டனர்.

இந்த இரு நூல்களையும் ஒன்றாக முறுக்கியவர்கள் ஜேம்ஸ் ஸ்டாக், மார்க் வாட்சன். 2002-இல் வெளியான அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை, 215 மாதாந்திரத் தொடர்களிலிருந்து சில குறியீடுகளைப் பிழிந்தெடுத்து, அவற்றைக் கொண்டு எட்டு அமெரிக்கப் பேரியல் மாறிகளைக் கணித்தது. பழைய ஆய்வகத்தின் சொல்லையே எடுத்துத் தம் முறைக்கும் பரவல் குறியீடு என்று பெயரிட்டனர். எண்ணுவதற்குப் பதிலாக எடையிட்டனர் என்பதே வேறுபாடு. எடை போடும் தராசு, முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு. 1901-இல் கார்ல் பியர்சன் கண்டு, 1933-இல் ஹெரால்ட் ஹோட்டலிங் வளர்த்த பழைய கருவிதான் அது.

அதன் உள்ளே இருக்கும் எண்ணம் இது: ஒவ்வொரு குறிகாட்டியிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, பொருளாதாரம் முழுவதற்கும் பொதுவான அசைவு. மற்றொன்று, அந்தத் தொடருக்கே உரிய இரைச்சல்: ஒரு வேலைநிறுத்தம், ஒரு பனிப்புயல், கணக்கெடுப்பின் பிழை. ஒரு தொடரை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரிக்க இயலாது. நூறு தொடர்களைச் சேர்த்துச் சராசரி கண்டால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரைச்சல்கள் எதிரெதிர்த் திசைகளில் இழுத்துத் தேய்ந்துபோகும். சராசரியில் எஞ்சும் இரைச்சல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகிவிடும். பொதுவான அசைவு மட்டும் தேயாது நிற்கும். எந்தத் தொடர் மற்றவற்றோடு சேர்ந்து அசைகிறதோ அதற்கு அதிக எடை, தனிவழியே போவதற்குக் குறைந்த எடை என்று சராசரியை அமைத்தால், அதுவே முதல் முதன்மைக் கூறு. அது விளக்காமல் விட்ட அசைவுகளிலிருந்து அதே போல் இரண்டாவதும், பிறகு மூன்றாவதும் கிடைக்கும்.

சிறிய எடுத்துக்காட்டொன்றை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை, கணக்கு மெய்யானது. நான்கு குறிகாட்டிகள்: மின் நுகர்வு, புதிய கொள்முதல் ஆணைகள், வேலைநேரம், பங்கு விலைக் குறியீடு. முதல் வேலை, அவற்றை மாதாந்திர வளர்ச்சி விகிதங்களாக மாற்றுவது. காலப்போக்கில் எல்லாமே வளர்வதால், மூல எண்களை அப்படியே வைத்தால் பொதுவான அசைவு என்ற பெயரில் வெறும் நெடுங்கால ஏற்றமே கிடைக்கும். அடுத்து, ஒவ்வொன்றிலும் அதன் சராசரியைக் கழித்துத் திட்டவிலக்கத்தால் வகுக்க வேண்டும். கொள்முதல் ஆணைகள் மாதத்துக்கு மாதம் 3 விழுக்காடு ஆடும். வேலைநேரம் அரை விழுக்காடுகூட ஆடாது. வகுக்காமல் விட்டால், அதிகம் ஆடுவதே குறியீட்டை ஆளும்.

இந்த மாதம் மின் நுகர்வு 0.4 விழுக்காடு குறைந்தது. வழக்கமான வளர்ச்சி 0.4, திட்டவிலக்கம் 0.8 என்றால், தரப்படுத்திய மதிப்பு −1.0. இவ்வாறே கொள்முதல் ஆணைகளுக்கு −1.5, வேலைநேரத்துக்கு −0.5, பங்கு விலைக்கு +0.5 வந்ததாகக் கொள்வோம். தொழிற்சாலைகள் தளர்ந்திருக்கின்றன, பங்குச் சந்தை மட்டும் உற்சாகமாக இருக்கிறது. கடந்தகாலத்தில் முதல் மூன்றுக்கும் தங்களுக்குள் 0.6 ஒட்டுறவு, பங்கு விலைக்கு அவற்றோடு 0.2 மட்டுமே. இந்த ஒட்டுறவுகளிலிருந்து முதல் முதன்மைக் கூற்றைக் கணக்கிட்டால், முதல் மூன்றுக்கும் தலா 0.56 எடையும் பங்கு விலைக்கு 0.26 எடையும் கிடைக்கும். பெருக்கிக் கூட்டினால் −1.55. இக்கூற்றின் திட்டவிலக்கமான 1.51-ஆல் வகுத்தால் ஏறத்தாழ −1.0. அதாவது, பொதுவான அசைவு வழக்கத்தைவிட ஒரு திட்டவிலக்கம் கீழே இருக்கிறது. நான்கு குறிகாட்டிகளின் மொத்த ஏற்ற இறக்கத்தில் 57 விழுக்காட்டை இந்த ஒரே எண் சுமக்கிறது.

இதுவரை தொழில்துறை உற்பத்தி என்ற பேச்சே எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது இரண்டாம் படியில்தான் வருகிறது. கடந்த காலத்தில் ஒவ்வொரு மாதமும் இந்தக் குறியீடு என்ன மதிப்பில் இருந்தது, அதற்கு அடுத்த ஆறு மாதங்களில் உற்பத்தி எவ்வளவு வளர்ந்தது என்று இணைத்துப் பார்த்து ஒரு சமன்பாடு காணப்படும். உற்பத்தியின் அண்மைக்கால வளர்ச்சியும் அதில் சேர்க்கப்படும். கிடைத்த சமன்பாடு, 2.4-உடன் குறியீட்டின் 1.5 மடங்கையும் கடைசி வளர்ச்சி விகிதத்தின் 0.3 மடங்கையும் கூட்டுவது என்றால், குறியீடு −1.0, கடைசி வளர்ச்சி 1.0 என்ற நிலையில் கணிப்பு 1.2 விழுக்காடு. இருநூறு எடைகளைத் தேட வேண்டிய இடத்தில் இரண்டு, மூன்று எடைகளைத் தேடினால் போதும். 132 மாதத் தரவு அதற்குத் தாராளம்.

ஸ்டாக், வாட்சன் இருவரும் 1959 முதல் 1998 வரையிலான தரவுகளைக் கொண்டு இதைச் சோதித்த விதம் நேர்மையானது. 1970-இன் தொடக்கத்தில் அமர்ந்திருப்பதாகப் பாவித்து, அதுவரையிலான மாதங்களை மட்டும் வைத்துத் தரப்படுத்தல், கூறுகள், சமன்பாடு அனைத்தையும் கண்டு ஒரு கணிப்பைச் செய்வது. ஒரு மாதம் நகர்ந்து எல்லாவற்றையும் புதிதாகக் கண்டு அடுத்த கணிப்பைச் செய்வது. இப்படியே 1998 வரை. ஆய்வு மாணவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இது. முழுக் காலத்துக்கும் ஒரே முறை சராசரியும் கூறுகளும் கண்டுவிட்டு, பிறகு 1970-இலிருந்து கணித்ததாகச் சொல்வார்கள். அப்போது 1990-களின் தகவல் எடைகளின் வழியே 1970-க்குள் கசிந்துவிடுகிறது. பிழை வியக்கத்தக்க அளவில் குறைந்திருப்பதாக ஓர் ஆய்வேடு சொன்னால், நான் முதலில் தேடுவது இந்தக் கசிவைத்தான். ஸ்டாக், வாட்சன் சோதனையிலும் ஒரு சலுகை இருக்கத்தான் செய்தது. அவர்கள் பயன்படுத்தியவை பின்னாளில் திருத்தப்பட்ட எண்கள். 1970-இல் உண்மையில் மேசைமீது இருந்த முதல் மதிப்பீடுகள் அல்ல.

முடிவுகளைப் பார்த்தால், ஒரு மாறியின் சொந்த வரலாற்றை மட்டும் கொண்டு கணிப்பது, சில மாறிகளைக் கொண்ட சிறு மாதிரிகள், முன்னோடிக் குறிகாட்டிகள் ஆகிய மூன்றையும் இம்முறை விஞ்சியது. தொழில்துறை உற்பத்தி போன்ற மெய்யான பொருளாதார நடவடிக்கைகளில் ஆதாயம் பெரிது. விலைவாசியில் அவ்வளவு இல்லை. பணவீக்கத்தின் சொந்தக் கடந்தகாலத்தையும் சமன்பாட்டில் சேர்த்தால்தான் அங்கே பயன் கிட்டியது. முதல் ஆறு கூறுகள் 215 தொடர்களின் மொத்த ஏற்ற இறக்கத்தில் 39 விழுக்காட்டைத் தாங்கின. முதற்கூறு உற்பத்தியையும் வேலைவாய்ப்பையும் ஒட்டியிருந்தது. இரண்டாவது வட்டி இடைவெளிகள், வேலையின்மை, உற்பத்தித் திறன் பயன்பாடு ஆகியவற்றை. அடுத்தடுத்தவை முறையே வட்டி விகிதங்கள், பங்கு ஆதாயங்கள், பணவீக்கம், வீடு கட்டத் தொடங்கல் ஆகியவற்றை. இப்பெயர்களை நாமாகத்தான் ஒட்டுகிறோம். கூறுகள் பெயரோடு பிறப்பதில்லை. அவற்றின் கூட்டல், கழித்தல் குறிகூட நம் வசதிக்காக வைத்துக்கொள்வதே.

சிகாகோ ஃபெடரல் ரிசர்வ் வங்கி இம்முறையை அன்றாடப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 2001 முதல் அது வெளியிட்டுவரும் தேசிய நடவடிக்கைக் குறியீடு, 85 மாதாந்திரத் தொடர்களின் முதல் முதன்மைக் கூறுதான். பூச்சியம் என்றால் பொருளாதாரம் தன் வழக்கமான வேகத்தில் வளர்கிறது. அதன் மூன்று மாதச் சராசரி −0.70-க்குக் கீழே போனால் மந்தநிலை தொடங்கியிருக்கும் வாய்ப்பு கூடியிருக்கிறது என்று பொருள் கொள்கிறார்கள். அந்த 85 தொடர்களின் பட்டியலில் உற்பத்தி, வருமானம், வேலைவாய்ப்பு, நுகர்வு, வீட்டு வசதி, விற்பனை, கொள்முதல் ஆணைகள், கையிருப்பு எல்லாம் உண்டு. பங்கு விலையும் வட்டி விகிதமும் இல்லை. இது கவனக்குறைவன்று. ஏன் இல்லை என்பதை நம் நான்கு குறிகாட்டிகளை வைத்தே பார்க்கலாம்.

பட்டியலில் இன்னும் மூன்று பங்குக் குறியீடுகளைச் சேர்ப்போம்: பெரிய நிறுவனங்களுக்கு ஒன்று, நடுத்தர நிறுவனங்களுக்கு ஒன்று, தொழில்நுட்பத்துக்கு ஒன்று. எளிதில் கிடைப்பவை, திருத்தப்படாதவை, நாள் தவறாமல் வெளியாகுபவை. சேர்க்காமல் விட யாருக்கும் மனம் வராது. நான்கு பங்குக் குறியீடுகளும் தங்களுக்குள் 0.95 ஒட்டுறவோடு ஒரே மந்தையாக நகர்கின்றன. இந்த மாதம் நான்கும் +0.5 என்று வைத்துக்கொள்வோம். மற்றவை எதுவும் மாறவில்லை. இப்போது முதல் முதன்மைக் கூற்றை மறுபடி கணக்கிட்டால், பங்குக் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 0.47 எடை கிடைக்கிறது. மின் நுகர்வு, ஆணைகள், வேலைநேரம் ஆகியவற்றின் எடை தலா 0.20-ஆகச் சுருங்குகிறது. பெருக்கிக் கூட்டித் தரப்படுத்தினால் ஏறத்தாழ +0.17. சற்றுமுன் −1.0 என்று சரிவைச் சொன்ன குறியீடு, அதே மாதத்துக்கு, அதே தொழிற்சாலைகளுக்கு, இப்போது வழக்கத்தைவிடச் சற்று மேல் என்கிறது. பொருளாதாரத்தில் ஒரு துரும்பும் அசையவில்லை. மாறியது பட்டியல் மட்டுமே.

கணக்கில் பிழை ஏதும் இல்லை. எவை கூட்டமாக அசைகின்றனவோ அவற்றைக் கண்டுபிடிப்பதே முதன்மைக் கூற்றின் வேலை. அதைச் செவ்வனே செய்தது. நாம் எதைக் கணிக்க விரும்புகிறோம் என்பது அதற்குத் தெரியாது. தொழிற்சாலைகளின் குரல் அழிந்துவிடவும் இல்லை. இரண்டாவது கூற்றுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. அதைக் கணக்கிட்டால் ஏறத்தாழ −1.4 வருகிறது. இரு கூறுகளையும் இரண்டாம் படிச் சமன்பாட்டில் சேர்த்திருந்தால், உற்பத்தியோடு உண்மையில் தொடர்புடையது இரண்டாவதுதான் என்று கடந்தகாலத் தரவு காட்டிக்கொடுத்திருக்கும். ஆகவே, எத்தனை கூறுகள் என்ற கேள்வி வெறும் தொழில்நுட்பச் சடங்கன்று. அதற்கு ஜுஷான் பாயும் செரீனா நெக்கும் 2002-இல் தந்த அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் அதுவும் பட்டியலுக்கு எத்தனை கூறுகள் பொருந்தும் என்றுதான் சொல்லும். கணிப்புக்கு எது தேவை என்று சொல்லாது.

ழான் புவாவேனும் செரீனா நெக்கும் 2006-இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே, காரணிப் பகுப்பாய்வுக்கு அதிகத் தரவு எப்போதும் நல்லதா என்ற கேள்விதான். 147 தொடர்களிலிருந்து எடுத்த காரணிகளைவிட, முன்கூட்டியே சலித்தெடுத்த 40 தொடர்களின் காரணிகள் பல வேளைகளில் அதே அளவுக்கோ அதைவிடச் சிறப்பாகவோ கணித்தன என்று அவர்கள் காட்டினர். இரைச்சல்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்ற அடித்தளம், ஒரே மாதிரியான தொடர்களைக் குவிக்கும்போது உடைந்துவிடுகிறது. நான்கு பங்குக் குறியீடுகளின் சராசரியில் பங்குச் சந்தையின் இரைச்சல் தேயாது. பொதுக்குரலாக வேடம் கட்டிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பட்டியலிலிருந்து ஒரு வகையை முழுவதுமாக நீக்கிக் குறியீட்டைத் திரும்பக் கணக்கிட வேண்டும். கோடு பெரிதாக மாறினால், நாம் பார்த்துக்கொண்டிருந்தது பொருளாதாரம் அன்று, பட்டியலிட்டவரின் விருப்பம்.

இன்னொரு சோதனையும் இந்த முறைக்கு அவ்வளவு சாதகமாக அமையவில்லை. அந்தோனெல்லோ டி'அகொஸ்டினோ, டொமெனிகோ ஜன்னோனே, பாவ்லோ சூரிகோ ஆகிய மூவரும் காலத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தனர். 1980-களின் நடுப்பகுதிக்கு முன்பு, காரணி மாதிரிகள் எளிய கணிப்புகளைத் தெளிவாக வென்றன. அதற்குப் பின், அமெரிக்கப் பொருளாதாரத்தின் ஏற்ற இறக்கமே தணிந்த காலத்தில், அந்த வெற்றி பெருமளவு மறைந்துபோயிற்று. 1970 முதல் 1998 வரையிலான மொத்தச் சராசரியில் இது தெரியாது. 1970-களின் பெரும் சரிவுகளைப் பிடித்ததால் கிடைத்த மதிப்பெண், பிற்கால ஆண்டுகளையும் சேர்த்துத் தூக்கி நிறுத்திவிடும். என் மதிப்பீட்டில், இம்முறை அமைதியான ஆண்டுகளில் சம்பளத்துக்கு ஏற்ப உழைப்பதில்லை. பொருளாதாரம் திரும்பும் மாதங்களில்தான் தன் செலவை ஈட்டுகிறது. ஒரு முறையை மதிப்பிடுவோர் முழுக் காலத்துக்கான ஒரே எண்ணைத் தராமல், ஆண்டுவாரியான பிழைகளைத் தருவதே முறை.

பொருளாதாரம் திரும்புவதை எவ்வளவு வேகமாகப் பிடித்தாலும் போதாத ஒரு மாதமும் வந்தது. 2020 ஏப்ரலில், முதல் மதிப்பீட்டின்படி, அமெரிக்காவில் 2 கோடிக்கும் அதிகமான வேலைகள் ஒரே மாதத்தில் மறைந்தன. சிகாகோ குறியீடு பூச்சியத்துக்குக் கீழே 16-ஐத் தாண்டியது. −0.70 என்பதையே எச்சரிக்கையாகக் கொண்ட அளவுகோலில் 16! இங்கே எழுந்த சிக்கல் அந்த மாதத்தின் கணிப்போடு முடியவில்லை. தரப்படுத்திய ஒரு தொடரில் 20 ஆண்டுகளின் 240 மாதங்கள் சேர்ந்து தரும் வர்க்கங்களின் கூடுதல் ஏறத்தாழ 240. அதில் ஒரே மாதம் 16 திட்டவிலக்கம் விலகினால், அதன் வர்க்கம் மட்டும் 256. இருபது ஆண்டுகளை ஒரு மாதம் தோற்கடித்துவிடுகிறது. முதன்மைக் கூறு வர்க்கங்களைக் கொண்டே எடைகளைக் காண்பதால், அதன் பிறகு கணக்கிடப்படும் எடைகள், 2020 ஏப்ரலில் எது எவ்வளவு விழுந்தது என்பதையே பெரும்பாலும் சொல்லும். உணவகங்களும் சில்லறை விற்பனையும் பொருளாதாரத்தின் மையமாகிவிடும். வழக்கமான மந்தநிலைகளில் முதலில் தளரும் வீடு கட்டுமானம் ஓரத்துக்குப் போய்விடும். அடுத்து வரும் மந்தநிலை தொற்றுநோயால் வரப்போவதில்லை என்றால், அந்தத் தராசு தவறானது.

இதற்குக் கையாளப்படும் வழிகளுள் எளியது, அந்தச் சில மாதங்களை எடை காணும் கணக்கிலிருந்து விலக்கிவிட்டு, கிடைத்த எடைகளை எல்லா மாதங்களுக்கும் பயன்படுத்துவது. அப்போது 2020-இன் சரிவு குறியீட்டில் தெரியும். ஆனால் தராசை அது வளைக்காது. அந்த மாதங்களோடும் அவை இல்லாமலும் எடைகளைக் கண்டு இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது ஒரு மாலைப்பொழுதின் வேலை. அதைச் செய்யாமல் ஒரு குறியீட்டை நம்பச் சொல்வது நியாயமன்று.

நம் நாட்டிலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த குறியீடு ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. இந்திய ரிசர்வ் வங்கியின் மாத இதழில் இடம்பெற்றுவந்த பொருளாதார நடவடிக்கைக் குறியீடு, 27 குறிகாட்டிகளின் பொதுப்போக்கைக் காரணி மாதிரி ஒன்றால் பிரித்தெடுத்தது. 2020 பிப்ரவரியை 100 என்றும் ஏப்ரலை 0 என்றும் வைத்து அது அளவிடப்பட்டது. தொற்றுக்காலத்தின் மீட்சியைப் பின்தொடர அது வசதியான அளவுகோல்தான். அத்தகைய குறியீட்டைக் கொண்டு அடுத்த ஆண்டின் தொழில்துறை உற்பத்தியைக் கணிக்கப் புகுவோர் அமெரிக்காவில் இல்லாத ஒரு சிக்கலையும் சந்திக்க வேண்டும். அதன் பெயர் தீபாவளி.

தீபாவளி ஓர் ஆண்டு அக்டோபரில் வருகிறது, ஓர் ஆண்டு நவம்பரில். 2022-இல் அது அக்டோபரில். 2023-இல் நவம்பர் 12. முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடும் நம் வழக்கப்படி, 2023 அக்டோபரில் தொழில்துறை உற்பத்தியின் வளர்ச்சி முதல் மதிப்பீட்டில் 11.7 விழுக்காடாகவும், நவம்பரில் 2.4 விழுக்காடாகவும் வெளியாயிற்று. இந்த வீழ்ச்சியில் கணிசமான பகுதி விடுமுறை நாள்கள் இடம் மாறியதன் விளைவு. இதே இடமாற்றம் மின் நுகர்விலும் சரக்குப் போக்குவரத்திலும் வாகன விற்பனையிலும் பணப் புழக்கத்திலும் ஒரே நேரத்தில் தெரியும். பல தொடர்கள் ஒன்றாக அசைவதைத் தேடும் கருவிக்கு இதைவிடப் பெரிய விருந்து வேறில்லை. உரிய திருத்தம் செய்யாவிட்டால் முதன்மைக் கூறுகளில் ஒன்று பஞ்சாங்கத்தையே பொருளாதாரம் என்று நமக்குத் திருப்பிச் சொல்லும். அதைக் கண்டுகொள்ளக் கணினிகூடத் தேவையில்லை. கூற்றின் கோட்டை அக்டோபர், நவம்பர் மாதங்களுக்கு மட்டும் தனியே வரைந்து, தீபாவளி அக்டோபரில் வந்த ஆண்டுகளுக்கு ஒரு நிறமும் நவம்பரில் வந்த ஆண்டுகளுக்கு வேறு நிறமும் தீட்டினால் போதும்.